வீட்டுக்கடன் விண்ணப்பம்: விடுபட்ட ஆவணங்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

திருமங்கலம் மனையில் வீடு கட்ட நீங்கள் கேட்ட கடனின் கோப்பு (எண் 412) ஆவணக் குறைவால் நிற்கிறது. இனி வர வேண்டியவை:

1. 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று. நீங்கள் தந்தது 13 ஆண்டுக்கு மட்டுமே. பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்.

2. தாய்ப்பத்திர நகல்.

3. உங்கள் பெயருக்கு மாறிய பட்டா. நாளாவது இதற்குத்தான், எனவே இன்றே விண்ணப்பியுங்கள். ஒப்புகைச் சீட்டு வந்தாலே இப்போதைக்கு ஏற்றுக்கொள்வோம்.

4. கடையின் கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம்.

28.11.2025 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் இவை வராவிட்டால் கோப்பு காலாவதியாகிவிடும். புதிதாக விண்ணப்பித்து, செயலாக்கக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். எந்தத் தாள் கிடைக்கத் தாமதமானாலும் அதற்கு முன்பே கிளைக்கு வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடன் பிரிவு அலுவலர்,
திருமங்கலம் கிளை