இரண்டு வாரப் பொறுப்புக் குறிப்பு: டாக்டர் நந்தினிக்கு

அன்புள்ள நந்தினி,

அக்டோபர் 27 திங்கள் காலையிலிருந்து நவம்பர் 9 ஞாயிறு ராத்திரி வரை கிளினிக் உங்கள் கையில். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். மூன்று வருஷமாக ஊராருக்கெல்லாம் "தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நான் தள்ளிப் போட்டது. நேரம் காலை 9 முதல் 1, மாலை 5 முதல் 8.30. திங்கள், வியாழன் கூட்டம் அறுபதைத் தாண்டும். மற்ற நாளில் நாற்பதுக்குள்தான்.

இங்கே நோய் கண்டுபிடிப்பதைவிட, யாரை எப்போது மேலே அனுப்புவது என்ற முடிவுதான் பெரிய வேலை. மன்னார்குடி அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆனால் வெண்டிலேட்டர் தேவைப்படும் என்று சந்தேகம் வந்தால் நேரே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ். 108 டிரைவரிடம் வடுவூர் வழியாகப் போகச் சொல்லுங்கள். நீடாமங்கலம் பக்கம் போனால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வார்கள். மழை பிடித்துவிட்டால் வாய்க்கால் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும், ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வராது. முருகையன் ஆட்டோவில் ஏற்றி மெயின் ரோட்டில் கொண்டுபோய் விடுவார். அதனால் மாலை நாலு மணிக்கு இரண்டு மனசாக இருக்கும் நோயாளியை "காலையில பார்ப்போம்" என்று வைத்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். தேவையில்லாமல் அனுப்பினால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

இப்போது கையில் இருப்பவர்கள்

பெயர் எழுதவில்லை. அட்டை நம்பர் சொன்னால் செல்வி எடுத்துத் தருவார்.

412: அறுபத்திரண்டு வயது விவசாயி. சுகர், வலது காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். சம்பா நட்ட வயலில் களை எடுக்கிறார்கள், "வரப்புலதான் நிக்கிறேன்" என்பார். கட்டைப் பிரித்தால் உள்ளே சேறு இருக்கும். திட்டிப் பிரயோஜனமில்லை, மகளிடம் சொல்லுங்கள். இன்சுலின் 30/70, காலை 18, ராத்திரி 10 யூனிட். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, மண்பானையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கவலை வேறே. கிருத்திகை விரதத்தன்று சாப்பிடாமல் ஊசியை மட்டும் போட்டுக்கொள்வார். போன மாதம் அப்படித்தான் வேர்த்து மயங்கி வந்தார். கிருத்திகைக்கு முதல் நாளே கூப்பிட்டுப் பேசுங்கள். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மன்னார்குடி.

655: முதல் பிரசவம், 34 வாரம். செக்கப் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில். வீடு பக்கத்தில் என்பதால் பிபி பார்க்க மட்டும் இங்கே வருவாள். போன முறை 138/88, சிறுநீரில் புரதம் இல்லை. 140/90 தொட்டால் அன்றைக்கே அனுப்புங்கள். தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழி வலி என்றால் பிபி எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்கள். 160/110 ஆனால் லேபெட்டலால் 200 மி.கி. வாயில் கொடுத்து 108. மாமியார் "கேஸ்தான்" என்பார். நல்ல மனுஷி, ஆனால் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

230: மைட்ரல் வால்வு மாற்றியவர், வார்ஃபரின் 5 மி.கி. கடைசி ஐ.என்.ஆர். 2.8, அடுத்தது 30ஆம் தேதி. 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருந்தால் டோஸைத் தொட வேண்டாம். எதற்கு வந்தாலும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், டைக்ளோஃபெனாக் கூடாது. அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

701: மூன்று வாரமாக இருமல், எடை குறைந்திருக்கிறது. சளி சி.பி.நாட்டுக்கு மன்னார்குடிக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை லீவோஃப்ளாக்சசின் எழுதாதீர்கள். டி.பி.யை மறைத்துவிடும், அப்புறம் மருந்து எதிர்ப்பிலும் கொண்டுபோய்விடும். அவரே "போன தடவ அந்த பெரிய மாத்திரைல நின்னுச்சே டாக்டர்" என்று கேட்பார்.

518: மூட்டுவலிக்கு வேறொருவரிடம் வருஷக்கணக்காக ஊசியும் பொட்டலத்தில் பெயர் தெரியாத மாத்திரையும் வாங்கியவர். முகம் வீங்கி, தோல் மெலிந்து வந்தார். பிரெட்னிசோலோன் மெல்லக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், இப்போது 7.5 மி.கி. திடீரென்று நிறுத்தக் கூடாது. வாந்தி, தலைசுற்றல், பிபி இறக்கம் என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 போட்டுவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக 733, ஒன்பது வயசுப் பையன், டெங்கு. நீங்கள் பார்க்கும்போது நாலாம் நாள். காய்ச்சல் விட்டதும் பாட்டி சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் அனுப்பப் பார்ப்பார். அப்போதுதான் கவனம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், பாட்டிக்குத்தான் தெரியாது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லிட்டுப் போவது, சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் அனுப்பிவிடுங்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார்கள். நான் சண்டை போடவில்லை, "கஞ்சியும் மோரும் அதைவிட நிறையக் கொடுங்க" என்று மட்டும் சொன்னேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதுவும் வேண்டாம். கடைத்தெரு மெடிக்கலில் மெஃபனமிக் ஆசிட் சிரப் கேட்காமலே தருவார்கள்.

பாம்பு

இந்த மாதத்தில் வாரம் ஒன்றாவது வரும். ஏ.எஸ்.வி. பத்து வயல் ஃபிரிட்ஜின் மேல்தட்டில், பக்கத்திலேயே அட்ரினலின். குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே பத்து வயல்தான், எடைக்குக் குறைக்க வேண்டாம். டெஸ்ட் டோஸ் கிடையாது. குலுக்கினால் நுரைத்துவிடும், உருட்டிக் கரையுங்கள். அட்ரினலின் 0.5 மி.லி. சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டுதான் டிரிப்பைத் திறக்க வேண்டும். ரியாக்ஷன் வந்தால் தொடையில் போட்டு, டிரிப்பை நிறுத்தி, அடங்கியதும் மெல்லத் தொடருங்கள்.

ரத்தம் உறையும் சோதனைக்கு இரண்டு மி.லி., கண்ணாடி டியூப், இருபது நிமிஷம் அசைக்காமல். டியூபை சோப்பு போட்டுக் கழுவினால் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். ஒரு தடவை அதில் ஏமாந்தேன். இதற்கென்று புது டியூப் ஒரு டப்பாவில் தனியாக இருக்கிறது. கண்ணாடி விரியன் என்றால் கடித்த இடமே வீங்கிக் காட்டிக்கொடுக்கும். நல்ல பாம்பும் அப்படித்தான், கூடவே கண் இமை இறங்கும். அதற்கு ஏ.எஸ்.வி.யோடு அட்ரோபின் 0.6, நியோஸ்டிக்மின் 1.5 மி.கி.

எனக்குப் பயம் கட்டுவிரியனிடம்தான். கீழே பாயில் படுத்தவர் விடியற்காலையில் "வயித்த வலிக்குது, தொண்டைய அடைக்குது" என்று வருவார். பல் தடம் இருக்காது, வீக்கம் இருக்காது, பாம்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அல்சர் என்று பான்டோபிரசோல் போட்டு அனுப்பத்தான் தோன்றும். எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள், மேலே பார்க்கச் சொல்லி இமையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் ஏ.எஸ்.வி. ஆரம்பித்து, ஆம்பு பேக்கோடு செல்வியை ஏற்றி, நேரே தஞ்சாவூர். சில பேர் வேர் கட்டி, மந்திரித்துவிட்டுத்தான் வருவார்கள். அதற்குத் திட்டினால் அடுத்தவர் வரவே மாட்டார். இறுக்கிக் கட்டிய கயிற்றைச் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்து ஓட ஆரம்பித்த பிறகு மெல்ல.

மருந்தடித்தவர், மருந்து குடித்தவர்

வயலில் அடித்துவிட்டு வேர்வை, எச்சில், சிறுத்த கண்மணியோடு வருபவருக்கு முதலில் சட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டுங்கள். பம்ப் செட் பக்கத்திலேயே இருக்கிறது. அட்ரோபின் ஐம்பது ஆம்பூல் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள். கண்மணியைப் பார்க்காதீர்கள், நெஞ்சில் களகளப்பு போகிறதா என்று பாருங்கள். இருப்பு பாதிக்கு வந்தால் காத்திருக்க வேண்டாம்.

குடித்துவிட்டு வருபவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். "வயித்துப் போக்கு" என்றுதான் வீட்டார் கூட்டி வருவார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் கேளுங்கள். எலி பேஸ்ட் என்றால், பெண்ணோ பையனோ முதல் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கும். அதைப் பார்த்து வீட்டார் அழைத்துப் போய்விடுவார்கள். கல்லீரல் போவது இரண்டு மூன்று நாள் கழித்து. நன்றாக இருக்கும்போதே அனுப்பியாக வேண்டும். அரளி விதை என்றால் உடனே ஈ.சி.ஜி. அனுப்பும் சீட்டில் மருந்தின் பெயரை எழுதுங்கள், போலீஸ் தகவலும் சேர்த்துத்தான். கெஞ்சுவார்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றவை

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் கீழே கருத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். பெண்களை செல்வி திரைக்குப் பின்னால் அழைத்துப் போவார். ஸ்க்ரப் டைஃபஸ் இங்கே உண்டு. கெண்டைச் சதை வலியும் சிவந்த கண்ணும் சேர்ந்தால் லெப்டோ. இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் 100 காலை மாலை, கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். ரத்த முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

ஊசி கேட்பார்கள். "சின்ன டாக்டர் ஊசி போடலையே" என்று டீக்கடையில் பேசுவார்கள். நானும் முப்பது வருஷமாக இதைக் கேட்கிறேன். டெக்சா மட்டும் கைநீட்டிக் கொடுத்துவிடாதீர்கள், ஒருத்தருக்குப் போட்டால் தெருவே வரும். கன்சல்டிங் நூறு ரூபாய், இல்லாதவரிடம் செல்வி வாங்க மாட்டார், நீங்கள் கேட்கவும் வேண்டாம். மருந்து ரெப்புகளை சனிக்கிழமை மட்டும் விடுங்கள்.

இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மின்சாரம் போனால் ஏ.எஸ்.வி., இன்சுலின், டி.டி. மூன்றையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள், ஐஸ் மீது படாமல் துணி சுற்றி. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிறைவு, ஒன்று பாதி. ஈ.சி.ஜி. பேப்பர் மேசையின் மூன்றாவது டிராயரில், கெட்டியாக இருக்கும், பலமாக இழுங்கள்.

மாடி அறையில் கொசுவலை இருக்கிறது. சாப்பாடு செல்வி வீட்டிலிருந்து வரும், காரம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன், நம்பாதீர்கள். ராத்திரி கொல்லைப்புறம் போனால் டார்ச் கட்டாயம். மேலே படித்ததெல்லாம் அடுத்தவருக்கு மட்டுமில்லை.

சாவி முருகையனிடம். 28ஆம் தேதி ஆபரேஷன், அன்றும் மறுநாளும் என் போன் வீட்டுக்காரியிடம் இருக்கும். சாதாரண விஷயம் என்றால் எடுத்துக் கொடுக்க மாட்டார், அதனால் "பாம்பு" என்று சொல்லாதீர்கள், பாம்பாக இருந்தால் ஒழிய. 30ஆம் தேதியிலிருந்து எந்நேரமும் கூப்பிடுங்கள். 701இன் சளி முடிவு வியாழக்கிழமை வரவில்லை என்றால் செல்வியை நேரில் அனுப்பி வாங்கிவிடுங்கள், போனில் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
ராமநாதன்