சிறப்பு ஊக்கத்தொகையை இரண்டு நிதியாண்டுகளில் வழங்கக் கோரி

அனுப்புநர்:
உற்பத்தி மேலாளர்,
மாம்பழக்கூழ் தொழிற்சாலை,
காவேரிப்பட்டணம் சாலை, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்.

நாள்: 19.01.2026

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொங்கலுக்கு முந்தைய நாள் அலுவலகத்தில் என்னை அழைத்து, இந்த வருட ஏற்றுமதி ஆர்டரை முடித்துக் கொடுத்ததற்காக 3,60,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை தர நினைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அன்றைக்கு வாயடைத்துப்போய் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. கடந்த சீசனில் பெங்களூரா மாம்பழத்தின் விலை விழுந்து, விவசாயிகள் டிராக்டர்களோடு வாசலில் இரவெல்லாம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு லோடுகூட அழுக விடாமல் கூழாக்கி டிரம்மில் அடைத்தது என் ஒருவனின் வேலை அல்ல. ஆனாலும் நீங்கள் அதை மனதில் வைத்திருந்தீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

அந்தத் தொகையைப் பற்றித்தான் ஒரு வேண்டுகோள். அதை முழுதாக மார்ச் மாதத்தில் தராமல், ஒரு பகுதியை மார்ச்சிலும் மறு பகுதியை ஏப்ரல் முடிவிலும் என இரண்டு நிதியாண்டுகளில் வழங்க முடியுமா? தொகையைக் கூட்டும்படி கேட்கவில்லை. அதே 3,60,000 தான். அதில் எவ்வளவு வரிக்குப் போகும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுத்தில் தருகிறேன்.

நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். மாதம் 88,000 வீதம் இந்த நிதியாண்டில் என் சம்பளம் 10,56,000. நிலையான கழிவு 75,000 போனால் 9,81,000. அஞ்சலகத்தில் போட்டிருக்கும் பணத்துக்கு வருடம் 18,000 வட்டி வருகிறது. அதைச் சேர்த்தாலும் 9,99,000 தான். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி கிடைப்பதால், இந்த வருடம் இதுவரை என் சம்பளத்தில் டிடிஎஸ் எதுவும் பிடிக்கவில்லை.

மார்ச்சில் 3,60,000 மொத்தமாக வந்தால் என் வருமானம் 13,59,000 ஆகிவிடும். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அந்தத் தள்ளுபடி முழுவதும் போய்விடும். 4 முதல் 8 லட்சம் வரைக்கு 5 சதவீதம் 20,000. 8 முதல் 12 லட்சம் வரைக்கு 10 சதவீதம் 40,000. அதற்கு மேலுள்ள 1,59,000-க்கு 15 சதவீதம் 23,850. ஆக 83,850. அதன் மேல் 4 சதவீத செஸ் 3,354. மொத்தம் 87,204 ரூபாய். ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். வருடம் முழுவதும் எதுவும் பிடிக்காததால் அதை மார்ச் ஒரே மாதத்தில் பிடித்தாக வேண்டியிருக்கும்.

அதையே மார்ச்சில் 1,90,000, ஏப்ரலில் 1,70,000 என்று பிரித்தால் கணக்கு மாறிவிடுகிறது. இந்த நிதியாண்டில் வருமானம் 11,89,000. அடுத்த நிதியாண்டில், நீங்கள் சொன்னபடி ஏப்ரலிலிருந்து 2,000 உயர்ந்து சம்பளம் 90,000 ஆனாலும், ஊக்கத்தொகையும் வட்டியும் சேர்த்து 11,93,000. இரண்டு வருடமும் 12 லட்சத்துக்குள், வரி இல்லை. சரிபாதியாக 1,80,000 என்று கேட்காததற்குக் காரணமும் இதுதான். அடுத்த வருடம் சம்பள உயர்வு இருப்பதால் அந்தப் பக்கம் இடம் குறைவு. ஏதாவது சில ஆயிரம் கூடுதலாக வந்து வரம்பைத் தாண்டினாலும், தாண்டிய தொகையை ஒட்டித்தான் வரி நிற்கும். அந்த அளவுக்கு நான் தயார்.

பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வருகிறது. அடுத்த வருட அடுக்குகளில் மாற்றம் வந்தால் மறுநாளே கணக்கைத் திருத்தித் தருகிறேன்.

ஐயா, இதில் ஒரு விஷயத்தை மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பணத்தைத் தள்ளிக் கொடுத்தால் மட்டும் போதாது. சம்பள வருமானம் என்பது கைக்கு வந்த நாள், கிடைக்க வேண்டிய உரிமை வந்த நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அந்த வருடத்தில் வரிக்கு வரும். மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 7-ஆம் தேதி கைக்கு வந்தாலும் அது மார்ச்சோடு முடியும் வருடக் கணக்கில்தானே போகிறது, அதே மாதிரிதான். மார்ச்சில் ‘3,60,000 வழங்கப்படுகிறது, அதில் 1,70,000 ஏப்ரலில் தரப்படும்’ என்று கடிதம் தந்தால், முழுத் தொகையும் மார்ச்சிலேயே எனக்கு உரியதாகிவிட்டது என்றுதான் வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். பிரித்துக் கொடுத்தும் பலன் இருக்காது. ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

இப்போதே எழுதுவதற்குக் காரணம் இதுதான். இதுவரை நீங்கள் வாய்மொழியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். இயக்குநர் குழு முடிவு செய்யவில்லை, என் கைக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. பிப்ரவரி இறுதியில் குழு கூடும்போது ஒருமுறை முழுத் தொகை என்று தீர்மானம் ஆகிவிட்டால், அப்புறம் நானே வந்து கேட்டாலும் மாற்றக் கூடாது. முடிந்துபோனதைத் தேதி மாற்றி எழுதும்படி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். முடிவு எடுக்கும் முன்பே அதன் வடிவத்தை இப்படி அமைக்க முடியுமா என்பதே என் கேள்வி.

இரண்டாவது பகுதி உண்மையாகவே அடுத்த வருட வேலைக்கானதாக இருக்கட்டும். மே மாதம் பழம் வரத் தொடங்குவதற்குள் பாய்லர், கூழ் பிழியும் வரிசை, டிரம் நிரப்பும் பகுதி எல்லாவற்றையும் பிரித்து, சரிபார்த்து, தண்ணீர் ஓட்டிச் சோதனை முடிக்க வேண்டும். போன வருடம் அந்த வேலை மே பாதிவரை இழுத்து, முதல் பத்து நாட்கள் நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இந்த முறை ஏப்ரல் 30-க்குள் முடித்துக் கொடுப்பதையே 1,70,000-க்கு நிபந்தனையாக வையுங்கள். அந்தத் தேதியில் நான் பணியில் இல்லையென்றாலோ, வேலை முடியவில்லையென்றாலோ அந்தத் தொகை எனக்கு இல்லை. அது வெறும் எழுத்துக்காகச் சொல்வதல்ல. முடிக்காவிட்டால் நான் அதைக் கேட்க மாட்டேன்.

கடிதத்தில் இப்படி எழுதினால் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆடிட்டர் பார்த்துத் திருத்தட்டும்:

“2025-26 நிதியாண்டில் ஏற்றுமதி ஆர்டரை நிறைவேற்றியதற்காக உற்பத்தி மேலாளருக்கு ரூ.1,90,000 சிறப்பு ஊக்கத்தொகையாக மார்ச் 2026 சம்பளத்துடன் வழங்கப்படும். இது தவிர, 2026 சீசனுக்கான இயந்திரப் பராமரிப்பும் சோதனை ஓட்டமும் 30.04.2026-க்குள் முடிந்து, அந்நாளில் அவர் பணியில் இருந்தால் மட்டுமே ரூ.1,70,000 வழங்கப்படும். இந்த நிபந்தனை நிறைவேறும் வரை இரண்டாவது தொகையின் மீது அவருக்கு எந்த உரிமையும் இல்லை.”

நிறுவனத்துக்கு இதனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தேன். 1,70,000-ஐ இந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, அடுத்த வருடக் கணக்கில்தான் வரும். அதற்குரிய வரிச் சலுகை ஒரு வருடம் தள்ளிப்போகுமே தவிர, இல்லாமல் போகாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. இந்த வருடமே முழுச் செலவாக எழுத வேண்டும் என்று கணக்குப் பிரிவு நினைத்தால், அது என் கோரிக்கையோடு ஒத்துப்போகாது. மார்ச் கணக்கில் கொடுக்க வேண்டிய பாக்கி என்று எழுதிவிட்டு, எனக்கு உரிமை இல்லை என்று கடிதத்தில் சொல்வது ஒன்றுக்கொன்று முரண். ஏப்ரல் முடிவில் பழக் கொள்முதலுக்குப் பணம் திரட்டும் நேரம் என்பதும் தெரியும். ஏப்ரல் சம்பளத்தோடு தருவது சிரமமென்றால், மே 10 வரை தாமதமானாலும் எனக்குக் குறை இல்லை.

இது தொழிலாளர்களுக்குத் தீபாவளிக்குத் தந்த போனஸ் போலச் சட்டப்படி தர வேண்டிய தொகை அல்ல. நிறுவனம் விருப்பப்பட்டுத் தருவது. அதனால்தான் எப்போது, எந்த நிபந்தனையில் தருவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எனக்கு மட்டும் சலுகை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். தர ஆய்வுப் பிரிவில் இருவருக்கும் ஊக்கத்தொகை உண்டு என்று சொன்னீர்கள். அவர்களுக்கு 40,000 அளவில் என்றால் பிரிக்கத் தேவையே இருக்காது, ஒரே தடவையில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது. வரம்பை ஒட்டி நிற்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதே வாய்ப்பைக் கொடுங்கள்.

87,204 ரூபாய் எனக்கு எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. மகள் வருகிற ஜூனில் கல்லூரி சேர்கிறாள். கோயம்புத்தூரில் விடுதியோடு முதல் வருடச் செலவுக்கு நாங்கள் ஒதுக்கியிருப்பது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஊரில் அப்பாவின் தோட்டத்தில் போர்வெல் வறண்டு, மறுபடி போட வேண்டியிருக்கிறது. அந்தத் தோட்டத்து மரங்களின் பழம்தான் ஒவ்வொரு ஜூனிலும் நம் வாசலுக்கே வருகிறது. செலுத்த வேண்டிய வரியை ஒரு ரூபாய் குறைக்காமல் செலுத்துவேன். சட்டம் அனுமதிக்கும் வழியில் நேரம் பார்த்துப் பெற்றால் மிச்சமாகும் பணத்தை விட்டுவிட மட்டும் மனம் ஒப்பவில்லை.

நிறுவனத்தின் ஆடிட்டர் இந்த ஏற்பாடு சரியில்லை என்று சொன்னால், காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மார்ச்சில் முழுத் தொகையாகவே நன்றியோடு வாங்கிக்கொள்வேன். அதனால் நம்மிடையே எந்த மாற்றமும் வராது. ஆனால் குழு கூடும் முன் ஒருமுறை அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் வரும் நாளைச் சொன்னால் என் படிவம் 16, இந்த வருடச் சம்பளச் சீட்டுகள், அஞ்சலகக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றோடும் வந்து உட்கார்ந்து கணக்கை விளக்கத் தயாராக இருக்கிறேன்.

எப்படி முடிவு செய்தாலும் பராமரிப்பு வேலையை பிப்ரவரி முதல் வாரமே தொடங்குகிறேன். பாய்லர் உதிரிப் பாகங்களின் பட்டியல் தயார். நாளை காலை உங்கள் மேசைக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உற்பத்தி மேலாளர்