இரத்த அழுத்த இலக்கு 120-ஆ, 140-ஆ: அக்கார்டு (2010), ஸ்பிரிண்ட் (2015) ஆய்வுகளின் ஒப்பீடு

துறையின் பகிர்வுக் கோப்புறையில் பேராசிரியர் பதிவேற்றியிருக்கும் இரண்டு கட்டுரைகளும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானவை. வியாழக்கிழமைக் கலந்துரையாடலுக்காக இவற்றைச் சுருக்கி எதிரெதிரே வைத்திருக்கிறேன். 'அக்கார்டில் பலனில்லை, ஸ்பிரிண்டில் பலனுண்டு' என்று இவற்றை ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் எண்களை அருகருகே வைத்தால் அந்த வரி பாதிதான் சரி என்பது என் கருத்து.

| | அக்கார்டு | ஸ்பிரிண்ட் |
|---|---|---|
| பங்கேற்றோர் | 4,733 பேர். அனைவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. | 9,361 பேர். நீரிழிவு உள்ளோரும் முன்பு பக்கவாதம் வந்தோரும் சேர்க்கப்படவில்லை. |
| சராசரி வயது | 62 | 68 |
| சிஸ்டாலிக் இலக்கு | 120-க்குக் கீழ், 140-க்குக் கீழ் | அதே இரு இலக்குகள் |
| ஓராண்டுக்குப் பின் எட்டிய அளவு | 119.3, 133.5 | 121.4, 136.2 |
| கண்காணிப்பு | சராசரி 4.7 ஆண்டுகள் | இடைநிலை 3.26 ஆண்டுகள்; முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. |
| முதன்மை விளைவு, ஆண்டுக்கு | 1.87%, 2.09% | 1.65%, 2.19% |
| இடர் விகிதம் (95% நம்பக இடைவெளி) | 0.88 (0.73–1.06) | 0.75 (0.64–0.89) |
| எல்லாக் காரண மரணம் | 1.07 (0.85–1.35) | 0.73 (0.60–0.90) |
| பக்கவாதம் | 0.59 (0.39–0.89) | 0.89 (0.63–1.25) |
| இதயச் செயலிழப்பு | 0.94 (0.70–1.26) | 0.62 (0.45–0.84) |

இரு எண்கள் உள்ள இடங்களில் முதலாவது தீவிர சிகிச்சைக் குழுவுக்கும் அடுத்தது வழக்கமான சிகிச்சைக் குழுவுக்கும் உரியவை.

இரண்டுமே சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகள், இலக்குகளும் ஒன்றே. வேறுபாடு தொடங்குவது முதன்மை விளைவின் வரையறையில்தான். அக்கார்டு மாரடைப்பு, பக்கவாதம், இதய–இரத்தநாள மரணம் ஆகிய மூன்றை மட்டும் எண்ணியது. ஸ்பிரிண்ட் அவற்றுடன் இதயச் செயலிழப்பையும் பிற கடுமையான கரோனரி நிகழ்வுகளையும் சேர்த்துக்கொண்டது. ஸ்பிரிண்டில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தனித்தனியே பார்த்தால் புள்ளியியல் முக்கியத்துவம் கிடைப்பதில்லை. முடிவைத் தூக்கி நிறுத்துபவை இதயச் செயலிழப்பும் இதய–இரத்தநாள மரணமும்தான்.

அடுத்தது ஆய்வின் வலிமை. வழக்கமான சிகிச்சைக் குழுவில் ஆண்டுக்கு 4% நிகழ்வுகள் வரும் என்ற கணக்கில் அக்கார்டு திட்டமிடப்பட்டது. வந்ததோ அதில் ஏறக்குறையப் பாதி. அதோடு, பங்கேற்றோரில் பாதிப்பேர் தீவிர சர்க்கரைக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் இருந்தார்கள். மரணங்கள் கூடியதால் அந்தச் சிகிச்சை 2008-இல் நிறுத்தப்பட்டது. அக்கார்டின் நம்பக இடைவெளி 0.73 வரை இறங்குகிறது, அதாவது ஸ்பிரிண்ட் கண்ட 0.75-ஐயும் அது விலக்கவில்லை. ஆகவே முதன்மை விளைவைப் பொறுத்தவரை இவை முரண்படுகின்றன என்று சொல்லுவது கடினம். மரணத்தைப் பொறுத்தவரை இப்படிச் சமாதானம் சொல்லிவிட முடியாது: ஒன்று 1.07, மற்றொன்று 0.73, இந்த இடைவெளியை மாதிரி அளவு மட்டும் விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கவிளைவுகளில் கட்டுரைகள் ஒத்துப்போகின்றன. சிகிச்சையால் வந்ததாகக் கருதப்பட்ட தீவிர நிகழ்வுகள் அக்கார்டில் 3.3%, 1.3%, ஸ்பிரிண்டில் 4.7%, 2.5%. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஸ்பிரிண்டில் 4.1%, 2.5% எனப் பதிவாகியுள்ளது. சுருக்கக் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் எண்கள் இவை.

ஸ்பிரிண்டின் வழிமுறைப் பகுதியில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. வழக்கமான சிகிச்சைக் குழுவில் ஒருவரின் சிஸ்டாலிக் அளவு ஒருமுறை 130-க்குக் கீழோ, தொடர்ந்து இருமுறை 135-க்குக் கீழோ வந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது விதி. நன்றாகக் கட்டுப்பட்டிருந்தவர்களின் மருந்தும் குறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், இந்த ஒப்பீடு நம் அன்றாடச் சிகிச்சையோடு அப்படியே பொருந்தாது.

அளவீட்டு முறையும் முக்கியம். ஸ்பிரிண்டில் நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். நம் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நின்று படியேறி வந்தவரை உட்கார்ந்த கையோடு ஒருமுறை அளந்து சீட்டில் எழுதும் எண் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்ணை 120-க்குக் கொண்டுவர மருந்தைக் கூட்டினால், ஆய்வில் யாரும் பெறாத அளவு தீவிரமான சிகிச்சையை நாம் கொடுத்தவர்களாவோம்.

கலந்துரையாடலில் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். பக்கவாத அபாயம் கூடிய நீரிழிவு நோயாளிக்கு அக்கார்டின் 0.59 என்ற துணை விளைவை மட்டும் நம்பி இலக்கைக் குறைக்கலாமா? சிறுநீரகச் செயல்பாடு குறைந்த 75 வயதுக்காரருக்கு ஸ்பிரிண்டின் மரணக் குறைவும் சிறுநீரகப் பாதிப்பும் எவ்வாறு எடைபோடப்பட வேண்டும்?