ஃபார்மிக் அமிலக் கணக்கு: நீ அனுப்பிய போட்டோவுக்கு விடை

தம்பி, போட்டோ கிடைத்தது. டியூப்லைட் வெளிச்சம் தாளில் பட்டு முதல் வரியில் ஒரு எண் வெளுத்துப் போயிருக்கிறது. 0.10 M-ஆ, 0.16 M-ஆ என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 0.10 என்று எடுத்துக்கொண்டே போட்டிருக்கிறேன். அது ஏன் சரி என்பது (அ) முடியும்போது தெரியும். மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது. நான் படித்தது இது, உன் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்:

"25 °C-இல் 0.10 M ஃபார்மிக் அமிலக் கரைசலின் pH 2.38. (அ) ஐஸ் அட்டவணை அமைத்து Ka மதிப்பைக் காண்க. (ஆ) இதே அமிலத்தின் 0.010 M கரைசலின் pH என்ன? (இ) 0.10 M ஃபார்மிக் அமிலக் கரைசல் 1 லிட்டரில் 0.20 மோல் சோடியம் ஃபார்மேட்டைக் கரைத்தால் pH என்னவாகும்? கன அளவு மாறவில்லை எனக் கொள்க."

(அ) Ka காண்பது

சமன்பாட்டை முதலில் எழுதிவிடு. அட்டவணையின் தலைப்பே அதுதான்.

HCOOH + H₂O ⇌ HCOO⁻ + H₃O⁺

| | HCOOH | HCOO⁻ | H₃O⁺ |
|---|---|---|---|
| தொடக்கம் | 0.10 | 0 | 0 |
| மாற்றம் | −x | +x | +x |
| சமநிலை | 0.10 − x | x | x |

தண்ணீருக்குக் கட்டம் போடவில்லை. அது கரைப்பான், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 55.5 மோல் இருக்கிறது. இந்த வினையில் அதில் குறைவது கணக்கில் வராத அளவு என்பதால் அதன் செறிவை மாறிலியோடு சேர்த்துவிட்டார்கள். H₃O⁺ கட்டத்தில் தொடக்கத்தில் 0 என்று போட்டதும் கறாராகப் பார்த்தால் சரியில்லை. சுத்த நீரிலேயே 1.0 × 10⁻⁷ M உண்டு. ஆனால் இங்கே வரப்போவது 10⁻³ அளவில் இருக்கும் எண், அதன் பக்கத்தில் 10⁻⁷ ஒன்றுமே இல்லை. அமிலத்தின் செறிவே 10⁻⁶, 10⁻⁷ என்று கொடுத்திருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

உன் அட்டவணையும் இதேதான், பிழை அதில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் "antilog 0.38 = 2.399" என்று எழுதியிருக்கிறாய் பார், வழுக்கியது அங்கேதான்.

pH 2.38 என்றால் log [H₃O⁺] = −2.38. மடக்கை அட்டவணையில் எதிர்மடக்கை பார்க்க வேண்டுமானால் தசமப் பகுதி நேர்க்குறியில் இருக்க வேண்டும். −2.38-இல் 2-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு 0.38-க்கு எதிர்மடக்கை பார்க்கக் கூடாது, ஏனென்றால் அந்த 0.38-உம் எதிர்க்குறிதான். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்து இப்படி மாற்று:

−2.38 = −3 + 0.62

0.62-இன் எதிர்மடக்கை 4.169. ஆகவே x = [H₃O⁺] = 4.169 × 10⁻³ M.

நீ எடுத்த 2.399 × 10⁻³ பார்வைக்குச் சந்தேகம் தராத எண். pH 2-க்கும் 3-க்கும் நடுவில் என்றால் செறிவு 10⁻²-க்கும் 10⁻³-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதுவும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் எல்லையை மட்டும் பார்த்தால் இந்தப் பிழை சிக்காது. திருப்பிப் போட்டால் சிக்கும்: log 2.399 = 0.38, pH = 3 − 0.38 = 2.62. கேள்வியில் இருப்பது 2.38. எதிர்மடக்கை எடுத்த கையோடு மறுபடி மடக்கை எடுத்து pH திரும்பி வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

இனி நேரடியாகப் பிரதியிடலாம்.

Ka = [HCOO⁻][H₃O⁺] / [HCOOH] = x² / (0.10 − x)

x² = (4.169 × 10⁻³)² = 1.738 × 10⁻⁵

0.10 − x = 0.10 − 0.00417 = 0.0958

Ka = 1.738 × 10⁻⁵ / 0.0958 = 1.81 × 10⁻⁴

pH-இல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே Ka-வும் இரண்டு முக்கிய எண்களோடு நிற்கட்டும்: Ka = 1.8 × 10⁻⁴.

கீழே 0.10-லிருந்து x-ஐக் கழித்தோமே, அதை இந்தப் பகுதியில் விட்டுவிடாதே. "5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம்" என்பது x தெரியாதபோது இருபடிச் சமன்பாட்டைத் தவிர்க்கத்தான். இங்கே x கையில் இருக்கிறது; கழிப்பதில் என்ன சிரமம்? விட்டால் 1.7 × 10⁻⁴ வரும். x இங்கே 4.2 சதவீதம்தான், விதிப்படி விடலாம். ஆனாலும் இரண்டாவது இலக்கம் மாறிவிடுகிறது.

அந்த வெளுத்துப்போன எண்ணுக்கு வருகிறேன். 0.16 என்று வைத்துப் போட்டால் Ka 1.1 × 10⁻⁴ வருகிறது. 25 °C-இல் ஃபார்மிக் அமிலத்தின் Ka 1.8 × 10⁻⁴ என்றுதான் அட்டவணைகளில் இருக்கும். ஆகவே 0.10தான். உனக்கு முதலில் வந்த 5.9 × 10⁻⁵-ஐயும் இதோடு ஒப்பிட்டிருந்தால் எங்கோ இடறியிருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். அசெட்டிக் அமிலம் 1.8 × 10⁻⁵, ஃபார்மிக் அமிலம் அதைவிடப் பத்து மடங்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குகளைச் சரிபார்த்துவிடலாம்.

(ஆ) 0.010 M கரைசலின் pH

உன் தாளில் 3.11 என்று இருக்கிறது. பழைய Ka-வால் வந்தது அது. ஆனால் Ka-வைத் திருத்தினால் மட்டும் போதாது, வழியையும் மாற்ற வேண்டும்.

அட்டவணை அதே வடிவம்தான், தொடக்கத்தில் 0.010, சமநிலையில் 0.010 − x, x, x. நீ செய்தது போல x-ஐ விட்டுவிட்டுப் பார்ப்போம்:

x² = 1.8 × 10⁻⁴ × 0.010 = 1.8 × 10⁻⁶

x = 1.34 × 10⁻³

இது 0.010-இல் 13.4 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, விட முடியாது. இப்போது இருபடிச் சமன்பாட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

x² + 1.8 × 10⁻⁴ x − 1.8 × 10⁻⁶ = 0

b² − 4ac = 3.24 × 10⁻⁸ + 7.2 × 10⁻⁶ = 7.232 × 10⁻⁶

இந்தக் கூட்டலில் அடுக்கைச் சமப்படுத்தாமல் 3.24-ஐயும் 7.2-ஐயும் கூட்டிவிடாதே. 3.24 × 10⁻⁸ என்பது 0.0324 × 10⁻⁶. வர்க்கமூலத்துக்கு மடக்கை அட்டவணையே போதும்: log 7.232 = 0.8593, பாதி 0.4296, அதன் எதிர்மடக்கை 2.689. எனவே வர்க்கமூலம் 2.689 × 10⁻³. அடுக்கு −6 இரட்டைப்படை எண்ணாக இருந்ததால் நேராகப் பாதியாக்க முடிந்தது. ஒற்றைப்படையாக வந்தால் தசமப் புள்ளியை ஒரு இடம் நகர்த்திவிட்டுத் தொடங்கு.

x = (2.689 × 10⁻³ − 0.18 × 10⁻³) / 2 = 1.255 × 10⁻³ M

மற்ற மூலம் எதிர்க்குறியில் வரும். செறிவு எதிர்க்குறியில் இருக்க முடியாது, தள்ளிவிடு.

pH = 3 − log 1.255 = 3 − 0.0986 = 2.90

x-ஐ விட்டிருந்தால் 2.87 வந்திருக்கும். வித்தியாசம் 0.03தான், ஆனால் விடையை இரண்டு தசமத்துக்குக் கேட்கும்போது அது தவறான விடை.

இந்த விடையைப் பார்த்துச் சற்று யோசி. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்திருக்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் pH சரியாக 1 கூடியிருக்கும். இங்கே 2.38-லிருந்து 2.90, வெறும் 0.52. காரணம் பிரிகை வீதம். 0.10 M-இல் 4.2 சதவீத மூலக்கூறுகள் பிரிந்திருந்தன, 0.010 M-இல் 12.5 சதவீதம். நீர்க்க நீர்க்க வலிமை குறைந்த அமிலம் அதிகமாகப் பிரிந்து இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. ஆஸ்வால்டு நீர்த்தல் விதி என்று மனப்பாடம் செய்தாயே, அது இதுதான். x-ஐ விட முடியாமல் போனதற்கும் காரணம் இதே 12.5 சதவீதம்தான்.

(இ) சோடியம் ஃபார்மேட் சேர்த்த பிறகு

இதை நீ காலியாக விட்டிருக்கிறாய். உண்மையில் மூன்றில் இதுதான் எளிது. சோடியம் ஃபார்மேட் முழுக்கப் பிரியும் உப்பு. ஆகவே HCOO⁻ கட்டத்தில் தொடக்கத்தில் 0 கிடையாது. Na⁺ வினையில் சேராது, அதற்குக் கட்டம் வேண்டாம்.

| | HCOOH | HCOO⁻ | H₃O⁺ |
|---|---|---|---|
| தொடக்கம் | 0.10 | 0.20 | 0 |
| மாற்றம் | −x | +x | +x |
| சமநிலை | 0.10 − x | 0.20 + x | x |

கவனி, இங்கே x² வராது. "x-ஐ x-ஆல் பெருக்கு" என்று பழகிய கை தானாக x² எழுதிவிடும்.

1.8 × 10⁻⁴ = (0.20 + x)(x) / (0.10 − x)

பொது அயனி இருப்பதால் அமிலம் முன்னைவிடக் குறைவாகவே பிரியும், x மிகச் சிறியது என்று எதிர்பார்க்கலாம். விட்டுப் பார்ப்போம்:

x = 1.8 × 10⁻⁴ × 0.10 / 0.20 = 9.0 × 10⁻⁵ M

0.10-இல் இது 0.09 சதவீதம். இம்முறை தாராளமாக விடலாம்.

pH = 5 − log 9.0 = 5 − 0.9542 = 4.05

வெறும் அமிலத்தில் 4.2 சதவீதம் பிரிந்திருந்தது 0.09 சதவீதமாக அடங்கிவிட்டது. இது ஒரு தாங்கல் கரைசல், ஆகவே ஹென்டர்சன் சமன்பாட்டிலும் சரிபார்க்கலாம்: pKa = 4 − 0.2553 = 3.745; pH = 3.745 + log (0.20/0.10) = 3.745 + 0.301 = 4.046. பொருந்துகிறது. தேர்வில் கேள்வி "ஐஸ் அட்டவணை அமைத்து" என்று சொன்னால் அட்டவணை வழியையே எழுது, ஹென்டர்சனைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்.

மூன்றையும் போட்டோவைப் பார்க்காமல் புது ஏட்டில் ஒருமுறை போடு. முடித்ததும் (இ)-யின் கரைசலில் 0.020 மோல் HCl சேர்த்தால் pH என்ன என்று பார், கன அளவு மாறவில்லை என்றே வைத்துக்கொள். அட்டவணைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: சேர்த்த H₃O⁺ முழுவதும் முதலில் ஃபார்மேட்டோடு வினைபுரிந்துவிடும், அதற்குப் பிறகு மிஞ்சும் செறிவுகள்தான் தொடக்க வரிசைக்குப் போகும். 3.92 வரவேண்டும். வராவிட்டால் தொடக்க வரிசையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.