கட்டில் டெலிவரி: டிரைவருக்குச் சொல்ல வேண்டிய வழி

அப்பா, நாளைக்குக் காலைல அம்மாவுக்கு வாடகைக் கட்டில் வருது. தலைப்பக்கமும் கால்பக்கமும் கைப்பிடி சுத்தி தூக்குற ஃபௌலர் கட்டில். நான் ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பேன், அந்த நேரத்துல போன் எடுக்க முடியாது. டிரைவர் உங்களுக்குத்தான் கூப்பிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாதுன்னு கடையில சொன்னாங்க. கன்னட எழுத்துல அவருக்கு மெசேஜ் அனுப்பிட்டேன். ஆனா வண்டி ஓட்டிட்டு வர்றவங்க மெசேஜ் பாக்க மாட்டாங்க, போன்லதான் கேப்பாங்க. அதனால அதையே உங்களுக்குத் தமிழ் எழுத்துல கீழ போட்டிருக்கேன்.

முதல்ல தமிழ்ல:

"வணக்கம் அண்ணா. மல்லேஸ்வரம் 15-ஆவது க்ராஸ். மெயின் இல்ல, க்ராஸ். சம்பிகே ரோட்டுல இருந்து திரும்பி காடு மல்லேஸ்வரர் கோயில் பக்கம் வாங்க. கோயில் தாண்டினதும் இடதுபக்கம் ரெண்டாவது சந்து. முனைல நந்தினி பால் பூத் இருக்கு. சந்து சின்னது, வண்டி உள்ள வராது. பூத் முன்னாடி நிறுத்திட்டு போன் பண்ணுங்க. வலதுபக்கம் நாலாவது வீடு, நீல கேட், கீழ்த்தளம். பெல் அடிக்காதீங்க, பேஷண்ட் தூங்குறாங்க. தூக்க ரெண்டு பேர் வேணும். 11 மணிக்குள்ள வாங்க. பணம் கட்டியாச்சு."

இப்போ கன்னடத்துல, அப்படியே படிங்க:

"நமஸ்கார அண்ணா. மல்லேஷ்வரம் ஹதினைதனே க்ராஸ். மெயின் அல்ல, க்ராஸ். சம்பிகெ ரோடிந்த திருகி, காடு மல்லேஷ்வர தேவஸ்தானத ஹத்திர பன்னி. தேவஸ்தான தாட்டித மேலெ எடகடெ எரடனே கல்லி. மூலேயல்லி நந்தினி பூத் இதெ. கல்லி சிக்கது, காடி ஒளகெ பரல்ல. பூத் முந்தெ நில்லிசி ஃபோன் மாடி. பலகடெ நால்கனே மனெ, நீலி கேட்டு, க்ரவுண்ட் ஃப்ளோர். பெல் ஒத்தபேடி, பேஷண்ட் மலகித்தாரெ. எத்தோக்கெ இப்பரு பேக்கு. ஹன்னொந்து கண்டெ ஒளகெ பன்னி. துட்டு கொட்டாகிதெ."

உச்சரிப்புல ரெண்டே விஷயம்பா. "பன்னி", "பலகடெ", "பரல்ல", "பேக்கு"ல வர்ற 'ப' பஸ்ஸுல வர்ற மாதிரி மெத்துன்னு இருக்கணும். "கல்லி", "கண்டெ", "காடி"ல வர்ற 'க' காந்தில வர்ற க. ஆனா "காடு மல்லேஷ்வர"ல நம்ம காடேதான், அதை மாத்த வேண்டாம்.

"மெயின் அல்ல, க்ராஸ்"ங்கிறத மட்டும் ரெண்டு தடவை சொல்லிடுங்க. இந்த ஊர்ல ஒவ்வொரு ஏரியாவுலயும் அதே நம்பர்ல க்ராஸும் மெயினும் திரும்பத் திரும்ப வரும். நம்பர மட்டும் கேட்டுட்டு வேற எங்கயாவது போயிட்டாங்கன்னா இந்த டிராஃபிக்ல திரும்பி வர மதியம் ஆயிடும். கோயில் பேர சொன்னா யாருக்கும் குழப்பம் வராது. உங்களுக்கும் மறக்காது: நம்ம தஞ்சாவூர ஆண்ட ஏகோஜி, இந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே மானியமா விட்டதா 1669-ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கு. சாயங்காலம் நடக்கப் போறப்போ உங்களுக்குக் காட்டணும்னு நெனச்சிட்டே இருக்கேன்.

அவர் ஏதாவது திருப்பிக் கேட்டா:

"எல்லி பரபேக்கு?"ன்னா எங்க வரணும்னு கேக்குறார். மேல இருக்கிறத மறுபடி படிச்சா போதும்.
"ஐது நிமிஷ"ன்னா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாராம். அப்போவே செருப்பு போட்டுட்டு பூத்துக்குப் போயிடுங்க.
வேகமா பேசினா, "நிதானவாகி ஹேளி"ன்னு சொல்லுங்க. மெதுவா சொல்வார்.
ஒண்ணும் புரியலன்னா, "நனகெ கன்னட பரல்ல, பூத் ஹத்திர பன்னி". இது ஒண்ணே போதும்பா. பூத்கார அண்ணனுக்குத் தமிழ் வரும், அவர் கைல போனக் கொடுத்துடுங்க. நேத்தே அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

உங்க போனுக்கு ஓடிபி வரும். கட்டில உள்ள பூட்டி முடிச்சப்புறம்தான் அதைச் சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கைப்பிடியையும் சுத்திப் பாருங்க, நாலு சக்கரத்துலயும் பிரேக் பிடிக்குதான்னு காலால அமுக்கித் தள்ளிப் பாருங்க. அம்மா இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டு இருக்காங்க, ஏறி உக்காரும்போது கட்டில் நகர்ந்தா தாங்காது. பிரேக் பிடிக்கலன்னா ஓடிபி சொல்லாதீங்க, "ப்ரேக் சரி இல்ல"ன்னு சொல்லுங்க. அது கன்னடத்துலயும் அப்படித்தான்.

நீங்க எதையும் தூக்காதீங்க. ஆறரை அடிக் கட்டில், அவங்க ரெண்டு பேர் பாத்துப்பாங்க. ஜன்னல் பக்கம் தலை வர்ற மாதிரி போடச் சொல்லுங்க, அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கப்பா.