பொருள்: உற்பத்தி மேற்பார்வையாளர் வேலை – நான் கேட்ட சம்பளத்தில் மாற்றம்

வணக்கம் மேடம்,

நேற்று ஆலைக்குப் போய் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏற்பாடு செய்து கொடுத்ததற்கு நன்றி. இடம் பிடித்திருக்கிறது, சேரவும் விருப்பம்தான். ஆனால் போன வாரம் போனில் உங்களிடம் சொன்ன 38,000 ரூபாயை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று அவர்கள் விவரித்த வேலைக்கு, பிடித்தமெல்லாம் போக மாதம் 52,000 ரூபாய் கையில் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஆஃபர் லெட்டர் அடித்த பிறகு இதைக் கிளப்பினால் உங்களுக்கும் சங்கடம், அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் சொன்னது, நீடாமங்கலம் பக்கத்து ஆலையில் பகல் ஷிப்ட் மட்டும், நெல் அவிப்பதிலிருந்து சார்ட்டெக்ஸ் முடிந்து மூட்டை தைப்பது வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அந்த வேலைக்கு 38,000 நியாயமான தொகை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நேற்றுப் பேசியதில் வேலையே வேறாக இருந்தது. இரவு ஷிப்டும் என் பொறுப்பு. மேஸ்திரி ஒருவர் இருப்பார், ஆனால் டிரையரோ பாய்லரோ நின்றால் நான் வர வேண்டும். பாபநாசம் பக்கம் அவர்களுக்கு இன்னொரு ஆலை இருக்கிறதாம், வாரத்தில் இரண்டு நாள் அங்கேயும் போக வேண்டும். இதுவரைக்கும் கூடச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தை மாற்றச் சொல்வது நெல் கொள்முதல்தான். நான் எடைமேடை பக்கத்தில் நின்றபோதே ஒரு லாரி வந்தது. மேனேஜர் மூட்டையில் குத்தூசி விட்டு நெல்லை எடுத்து மீட்டரில் போட்டார். 19 சதவீதம் ஈரம் காட்டியது. என்னிடம் திரும்பி, “எடுக்கலாமா? விலையில எவ்வளவு கழிக்கலாம்? இனிமே இதெல்லாம் நீங்கதான் சொல்லணும்” என்றார். அப்படியென்றால் முதலாளியின் பணத்தை நான் செலவு செய்கிறேன். ஒரு லோடு தப்பாக எடுத்தால் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாகவே அடிபடும். தை மாதம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் லாரிகள் ராத்திரி பகல் பார்த்து வருவதில்லை. ஈர நெல்லை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று குவித்துப் போடவும் முடியாது, சூடேறி அரிசி பழுப்பேறிவிடும்.

அப்புறம் அரசு அரவைக் கணக்கு. நுகர்பொருள் வாணிபக் கழகத்து நெல்லையும் அரைத்துக் கொடுக்கிறார்கள். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். குறைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். சூப்பர்வைசர்தான் என்றார்கள். முதல் நாள் நாம் பேசியதில் இந்தப் பேச்சே வரவில்லை. உங்களுக்கு அவர்கள் பழைய விவரத்தையே அனுப்பியிருக்கலாம், அதில் உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்போது நான் 34,000 வாங்குகிறேன் என்பதை வைத்து, “இவ்வளவு ஏற்றமா?” என்று அவர்கள் கேட்கக்கூடும். இங்கே நான் பார்ப்பது ஒரு ஷிப்ட் அரவை மட்டும்தான், நெல் வாங்குவதற்குத் தனி ஆள் இருக்கிறார் என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்பது இரண்டு பேர் வேலை. அதற்கு இரண்டு பேர் சம்பளத்தை நான் கேட்கவில்லை.

அவர்கள் பட்ஜெட் அவ்வளவு தாங்காது என்றால் வேலையைக் குறைக்கலாம், அதற்கும் நான் தயார். கொள்முதலையும் அரசு அரவைக் கணக்கையும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு ஷிப்டையும் பாபநாசத்தையும் நான் பார்ப்பதானால் 45,000 போதும். முதலில் சொன்ன பகல் ஷிப்ட் மட்டும் என்றால் 38,000தான். வேலை முழுதாகவும் சம்பளம் பழையபடியும் என்றால் மட்டும் எனக்குச் சரிப்படாது.

எதுவானாலும் இரண்டு விஷயம் லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். பாபநாசம் போய்வரும் பெட்ரோல் செலவு தனியாக வர வேண்டும், சம்பளத்தில் சேர்க்கக் கூடாது. முழு வேலையும் என்னிடம் வருவதானால், எந்த ஈர அளவு வரை நெல்லை நானே முடிவு செய்து எடுக்கலாம், அதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் இருக்கட்டும். அது இல்லாமல் கொள்முதலில் நான் கை வைக்க மாட்டேன்.

இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த வாரத்துக்குள் முடிவு தெரிந்தால் மார்கழி தொடக்கத்தில் சேர்ந்து, சம்பா வருவதற்குள் மிஷின்களைப் பார்த்துவிட முடியும். பகலில் ஆலைச் சத்தத்தில் போன் கேட்காது, இரவு ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அவர்கள் நேரில் பேச வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

நன்றியுடன்,
செந்தில்
மன்னார்குடி