பத்தாம் வகுப்பு கணிதம், அறிவியல்: புதிய சேர்க்கை தொடக்கம்

அன்புள்ள பெற்றோர்களே, "கணக்கு என்றாலே பயப்படுகிறாள்" என்று தயங்க வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளைகளையே முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். கணிதத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். கவராயத்தைச் சரியாகப் பிடித்து, அளவுகோலை நகராமல் வைக்கக் கை பழகிவிட்டால், அந்த 16 மதிப்பெண் எந்தப் பிள்ளைக்கும் எட்டும். அதனால் முதல் மாதத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

ஒரு குழுவில் 15 பேர் மட்டும். பள்ளி முடிந்து களைத்து வருபவர்களுக்குச் சுண்டல் கொடுத்த பிறகே பாடம். அடிப்பதில்லை, மதிப்பெண்ணைப் பிறர் முன் வாசிப்பதுமில்லை. பிள்ளை வராவிட்டால் கால் மணி நேரத்துக்குள் உங்களுக்கு அழைப்பு வரும். இரவு எட்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும், அழைத்துப்போக நீங்கள் வரும்வரை ஆசிரியை வாசலிலேயே இருப்பார்.

முதல் வாரம் கட்டணமில்லை. பிள்ளைக்குப் பிடித்தால் மட்டும் சேருங்கள். கட்டணத்தை மூன்று தவணைகளில் செலுத்தலாம்.

ஜூன் 10 முதல், திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6 மணிக்கு வகுப்பு. கும்பகோணம், மகாமகக் குளம் மேற்குக் கரையில் உள்ள எங்கள் மையத்துக்குப் பிள்ளையுடன் நேரில் வாருங்கள். சென்ற ஆண்டின் கணக்கு நோட்டையும் கொண்டுவாருங்கள்.